கலைச்சொல்: இன்-டெக்ஸ்ட் சைட்டேஷனுக்கு ‘உசாச்சுட்டு’ சரிவருமா?

காரைதீவு மாணவி, இப்போது இங்கிலாந்தில்:
இங்கே படிக்க வரும் தம்பி, தங்கச்சிமாருக்காக ஆய்வுகூட அறிக்கை எழுதுவது பற்றி ஒரு குறிப்பு தயாரிக்கிறேன். அறிக்கையின் கடைசியில் வரும் பட்டியலுக்கு உசாத்துணை என்ற சொல் இருக்கிறது. வரிக்குள்ளே போடும் சிறு எண்ணுக்கு என்ன சொல்வது? மேற்கோள் என்றால், வசனத்தை அப்படியே எடுத்து இரட்டைக் குறிக்குள் போட்டுவிடுவார்கள். ‘உசாச்சுட்டு’ என்று வைக்கலாமா?

அக்கரைப்பற்று, பொறியியல் மாணவன்:
சொல் நல்லம் அக்கா. ஆனால் எல்லா இடத்திலும் எண் இல்லை. எங்களுக்கு [1] என்று வரும், உளவியல் படிக்கிறவர்களுக்குப் பெயரும் ஆண்டும். அப்புறம், ‘நான்’, ‘நாங்கள்’ என்று தன்மையில் எழுதவே கூடாது, எல்லாம் ‘செய்யப்பட்டது’தான் என்பதையும் சேருங்கள்.

வந்தாறுமூலை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
தம்பி, முதல் பாதி சரி. இரண்டாவது நம் உயர்தரச் செய்முறைக் கொப்பியின் பழக்கம். அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் நடைக் கையேடும் உளவியல்காரர் பின்பற்றும் APA நடையும் தன்மையை ஏற்கின்றன. ‘25.0 mL கரைசல் எடுக்கப்பட்டது’ என்பதில் குழப்பமில்லை, யார் எடுத்தாலும் ஒன்றுதான். ‘முதல் வாசிப்பு தவிர்க்கப்பட்டது’ என்றால்தான் கேள்வி வரும்: யார் தவிர்த்தது, ஏன்? ‘முடிவுப் புள்ளியைத் தாண்டிவிட்டதால் முதல் வாசிப்பை நாங்கள் விட்டுவிட்டோம்’ என்று எழுதினால் முடிவுக்குப் பொறுப்பாளி தெரியும். சோடியாகச் செய்த நியமிப்புக்கு ‘நாங்கள்’, தனியே போட்ட கணக்குக்கு ‘நான்’. தனி ஆள் எழுதும்போது ‘நாம்’ வேண்டாம்.

சுட்டு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். அசற்றிக்கமிலத்தின் pKa உங்களுக்கு 4.68 வந்தது, நூல் பெறுமானம் 4.76 என்று வைப்போம். சுட்டைப் பந்தியின் கடைசியில் போட்டால் 4.68உம் நூலிலிருந்து எடுத்ததுபோல் தெரியும். 4.76ஐ ஒட்டியே போடுங்கள். செய்முறையை ஆய்வுகூடக் கைந்நூலிலிருந்து எடுத்தால் அதற்கும் சுட்டு வேண்டும். நீங்கள் மாற்றியதை மட்டும் விரிவாக எழுதினால் போதும்.

வாழைச்சேனை, முதுகலை மாணவர்:
எனக்கு வேறு தலையிடி. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்து, என் கட்டுரையை அவர் பெயரில் சுட்டுகிறார்கள். இதற்கும் ஒரு சொல் கண்டுபிடியுங்கள்!

காரைதீவு மாணவி:
அது தனி இழை அண்ணா, ஆனால் தேவையான இழை. சேர், எங்கள் துறைக் கையேட்டில் செய்முறைப் பகுதிக்குத் தன்மை வேண்டாம் என்றே இருக்கிறது. முடிவுகளை அலசும் பகுதியைப் பற்றி ஒன்றும் இல்லை.

வந்தாறுமூலை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
அப்படியானால் துறை சொல்வதே சட்டம். அலசும் பகுதிக்கு, திருத்துபவரிடமே கேளுங்கள். சொல்லைப் பொறுத்தவரை, ‘உசாச்சுட்டு’ வாயில் வழுக்குகிறது. ‘வரிச்சுட்டு’ எப்படி?

அக்கரைப்பற்று, பொறியியல் மாணவன்:
வரி என்றால் இங்கே ஆட்கள் இறைவரித் திணைக்களத்தை நினைப்பார்கள் சேர். என் வாக்கு அக்காவின் சொல்லுக்கு.