கை சும்மா இருந்தாலும் மணிக்கட்டு ஆடுகிறது: போன் வீடியோ ட்ராக்கிங் அனுபவங்கள்

கதைப்பெட்டி

குழந்தைகளுக்கு 3டி பொம்மை வைத்துக் கதை வீடியோ செய்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் பாட்டிதான் பாத்திரம். நடிப்பவர் என் அக்கா. ட்ரைபாடில் சாதாரண போன், பின் கேமரா, 30 ஃபிரேம். வீடியோவை மீடியாபைப்பின் போஸ் மாடலில் ஓட்டி, வரும் புள்ளிகளைச் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றால் எலும்புச் சுழற்சிகளாக மாற்றி பிளெண்டரில் ஏற்றுகிறேன்.

தோள், முழங்கை, தலை எல்லாம் பரவாயில்லை. மணிக்கட்டுதான் உயிரை வாங்குகிறது. கை மடியில் அசையாமல் கிடக்கும் இடத்தில்கூட உள்ளங்கை படபடவென்று ஆடுகிறது. பாட்டிக்குக் கை நடுங்கினால் என்ன தப்பு என்று அக்கா கேட்கிறார். அடுத்த கதையில் வருவது பத்து வயதுப் பையன்!

எல்லாக் கர்வையும் பலமாக ஸ்மூத் செய்தால் நடுக்கம் அடங்குகிறது. ஆனால் பாட்டி தொடையில் தாளம் போடும் இடத்தில் கை தொடையைத் தொடுவதற்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

தென்றல் எடிட்ஸ்

எனக்கும் இதே தொல்லை இருந்தது. கல்யாண வீடியோ எடுக்கும்போது மணிக்கட்டு ஆடி ஃபுட்டேஜ் முழுக்க ஜிட்டர். சின்ன கிம்பல் வாங்கியதும் சரியாகிவிட்டது. எடிட்டிங்கில் ஸ்டெபிலைசரும் போட்டுப் பாருங்கள்.

கதைப்பெட்டி

நன்றி. ஆனால் கேமரா அசையவில்லை, பொம்மையின் மணிக்கட்டுதான் அசைகிறது.

ஒளிஓவியன்

காரணம் வெளிச்சம்தான், வேறொன்றும் இல்லை. அறைக்குள் ட்யூப் லைட்டில் எடுத்தால் போன் தானாகவே ஷட்டரை மெதுவாக்கிவிடும். வேகமாக அசையும் கை மங்கலாகப் பதியும், மாடலுக்கு விரல் எங்கே என்றே தெரியாது. ப்ரோ மோடில் ஷட்டரை 1/100-ல் பூட்டுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/100 வைத்தால் லைட் மினுக்குவது பட்டை பட்டையாக விழாது. 1/120 வைத்தால் விழ வாய்ப்புண்டு. ஜன்னல் பக்கம் உட்கார வைத்து 4கே-யில், முடிந்தவரை கிட்டப் போய் எடுங்கள். நான் இப்படித்தான் சரிசெய்தேன்.

எலும்புக்கூடு

ஷட்டர் விஷயம் சரி. 4கே, கிட்டப் போவது இரண்டும் பாதிதான் சரி. கதைப்பெட்டி சொல்வதைக் கவனியுங்கள், கை சும்மா கிடக்கும்போதும் ஆடுகிறது. அங்கே மங்கல் எங்கிருந்து வரும்?

போஸ் மாடல் உங்கள் 4கே படத்தை அப்படியே பார்ப்பதில்லை. ஆளைச் சுற்றி வெட்டி, 256 x 256 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. அந்த வெட்டு முழு உடம்பையும் அடக்கும் அளவுக்கு எடுக்கப்படுவது. நீங்கள் இடுப்புக்கு மேல் மட்டும் படம்பிடித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. 165 செ.மீ. ஆள் அதில் 200 பிக்சல் உயரம் வருகிறார் என்று வையுங்கள். ஒரு செ.மீ.க்கு 1.2 பிக்சல். விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ளங்கையின் அகலம் சுமார் 8 செ.மீ., அதாவது பத்தே பிக்சல்.

போஸ் மாடல் ஒரு கைக்குத் தருவது மணிக்கட்டு, சுண்டுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல் என்று நான்கு புள்ளிகள். இடது கைக்கு 15, 17, 19, 21. உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஸ்கிரிப்ட் இந்தப் பத்து பிக்சல் இடைவெளியை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஒரு புள்ளி ஒரே ஒரு பிக்சல் தவறினாலும் கோணம் ஏறத்தாழ 6 டிகிரி மாறிவிடும். அதே ஒரு பிக்சல் தவறு தோளிலிருந்து முழங்கை வரையுள்ள நீளத்தில் ஒன்றரை டிகிரிதான், கண்ணுக்குத் தெரியாது. மற்ற மூட்டெல்லாம் ஒழுங்காக இருந்து மணிக்கட்டு மட்டும் ஆடுவதற்கு இதுதான் காரணம். இந்தச் சுழற்சியை வேறு இடத்திலிருந்து எடுக்காதவரை ஃபில்டர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேறு இடம் என்பது கை மாடல். அது கையை மட்டும் தனியாக வெட்டி 224 x 224-ல் பார்த்து 21 புள்ளி தருகிறது. வெட்டு மூலப்படத்திலிருந்து எடுக்கப்படுவதால் ஒளிஓவியன் சொன்ன 4கே இங்கேதான் உதவும். மணிக்கட்டின் இடத்தைப் போஸிலிருந்தும், உள்ளங்கையின் திசையைக் கை மாடலின் 0, 5, 17 புள்ளிகளிலிருந்தும் எடுங்கள். விரல் நுனிகளைத் தொடாதீர்கள், விரல் மடங்கினால் கணக்கு கெடும். 5-ம் 17-ம் விரல் தொடங்கும் முட்டிகள், மடங்கினாலும் பெரிதாக நகராது.

ஒளிஓவியன்

ஜன்னல் வெளிச்சத்துக்கு மாற்றியதும் எனக்கு நடுக்கம் பாதியாகக் குறைந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எலும்புக்கூடு

குறையும். இருட்டில் சென்சாரின் புள்ளிப்புள்ளி இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், அதற்கேற்ப மாடலின் யூகமும் மாறும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பிக்சல் தவறு ஒரு பிக்சலாகக் குறையலாம். பத்து பிக்சல் இருபது ஆகாது.

நேரலை நந்தி

நான் நேரலையில் பொம்மை வைத்துப் பேசுகிறவன். வருங்கால ஃபிரேம் கையில் இல்லை என்பதால் ஒன் யூரோ ஃபில்டர்தான் கதி. 2012-ல் வந்தது, கை மெதுவாக இருக்கும்போது கடுமையாக வடிகட்டும், வேகமெடுத்தால் விட்டுக்கொடுக்கும். `mincutoff`, `beta` என்று இரண்டு எண்தான் முக்கியம். முதலில் `beta` 0, `mincutoff` 1 என்று வைத்துக் கையை அசையாமல் நீட்டிக்கொண்டு, நடுக்கம் நிற்கும்வரை `mincutoff`-ஐக் குறைப்பேன். அப்புறம் கையை வேகமாக வீசி, பொம்மை பின்தங்காத வரைக்கும் `beta`-வை ஏற்றுவேன்.

அடுத்தவர் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் வேலை செய்யாது. ஃபில்டரின் வெட்டு அதிர்வெண் என்பது `mincutoff + beta × வேகம்`. என் நண்பர் பிக்சலில் வேலை செய்கிறவர், அவருக்கு `beta` 0.01. கை நொடிக்கு 540 பிக்சல் போனால் 1 + 5.4, ஆக 6.4 ஹெர்ட்ஸ். மீடியாபைப் தரும் 0 முதல் 1 வரையிலான எண்ணில் அதே வீச்சு நொடிக்கு 0.5 தான். அதே `beta` போட்டால் 1.005 ஹெர்ட்ஸ். வேகத்துக்கு ஃபில்டர் திறக்கவே திறக்காது, கை சேற்றில் இழுபடுகிற மாதிரி வரும்.

கதைப்பெட்டி

கை மாடலைச் சேர்த்துவிட்டேன். மடியில் கை கிடக்கும் காட்சியில் பெரிய மாற்றம், நடுக்கம் மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் புதிதாக இரண்டு தொல்லை. சில இடங்களில் உள்ளங்கை ஒரே ஃபிரேமில் சடக்கென்று தலைகீழாகத் திரும்பி, அடுத்த ஃபிரேமில் பழையபடி வருகிறது. இன்னொன்று, முந்தானைக்குப் பின்னால் கை மறையும்போது கை மாடல் கைவிட்டுவிடுகிறது, ஸ்கிரிப்ட் போஸ் புள்ளிக்குத் தாவுகிறது, அந்த நொடியில் ஒரு குதி.

எலும்புக்கூடு

ஸ்மூத்திங்கைத் தொடுவதற்கு முன்னால் இவற்றை முடித்துவிடுங்கள். ஒரு ஃபிரேம் புரட்டலை வைத்துக்கொண்டு ஸ்மூத் செய்தால் அது ஆறேழு ஃபிரேமுக்குப் பரவி, உள்ளங்கை நிதானமாகப் புரண்டு திரும்புவதாக மாறிவிடும். அப்புறம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

எல்லாப் புரட்டலும் உண்மையான புரட்டல் அல்ல. குவாட்டர்னியனில் q-வும் -q-வும் ஒரே சுழற்சிதான், குறி மாறினால் கர்வ் மட்டும் பாயும். பொம்மை அந்த ஃபிரேமில் நேராகவே நிற்கும், நடுவில் ஸ்மூத் செய்தால்தான் கெடும். அதற்கு இது போதும்:

```python
if q.dot(prev) < 0:
    q.negate()
prev = q.copy()
```

ஆய்லர் கோணத்தில் வைத்திருந்தால் கிராஃப் எடிட்டரில் Discontinuity (Euler) Filter இதே வேலையைச் செய்யும்.

பொம்மையின் கை நிஜமாகவே தலைகீழானால் அது வேறு. உள்ளங்கையின் விளிம்பு கேமராவைப் பார்க்கும் நேரத்தில் 5-ம் 17-ம் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். எது முன்னால் எது பின்னால் என்பது முழுக்க ஆழக் கணிப்பைப் பொறுத்தது, ஒற்றைக் கேமராவுக்கு அதுதான் பலவீனம். 30 ஃபிரேமில் மனிதக் கை ஒரு ஃபிரேமுக்குள் 90 டிகிரி முறுக்கிக்கொள்ளாது. அப்படி வந்தால் அந்த ஃபிரேமை எறிந்துவிட்டு இரண்டு பக்கத்து நல்ல ஃபிரேமிலிருந்து நிரப்புங்கள்.

கை மறையும்போது போஸின் சுழற்சிக்குத் தாவ வேண்டாம். முன்கைக்குச் சார்பாகக் கடைசியாக இருந்த சுழற்சியைப் பிடித்து வையுங்கள். கை திரும்ப வந்ததும் ஐந்தாறு ஃபிரேமில் புதியதோடு கலந்துவிடுங்கள்.

தாளத்துக்கு வருவோம். மணிக்கட்டின் முறுக்கையும் மடக்கையும் பிரித்து வடிகட்டுங்கள். நடுக்கம் பெரும்பாலும் முறுக்கில்தான் இருக்கிறது, கதை சொல்லும் பாட்டி உள்ளங்கையை அவ்வளவு வேகமாக முறுக்கப்போவதில்லை. முறுக்குக்கு 2 ஹெர்ட்ஸ், மடக்குக்கும் கையின் இடத்துக்கும் 6 ஹெர்ட்ஸ் என்று தொடங்குங்கள். பதிவான வீடியோ என்பதால் முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டலாம், `scipy.signal.filtfilt` அதைத்தான் செய்கிறது. பின்தங்கல் இருக்காது. அப்புறம் ரிக்கில் முன்கைக்கு ட்விஸ்ட் எலும்பு இருக்கிறதா? நம் உடம்பில் இந்த முறுக்கு நடப்பது மணிக்கட்டில் அல்ல, முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றைச் சுற்றுவதால். பாதி முறுக்கை அங்கே கொடுத்தால் மணிக்கட்டில் தெரியும் மிச்ச ஆட்டமும் பாதியாகும்.

கதைப்பெட்டி

முறுக்கையும் மடக்கையும் பிரித்ததுதான் திருப்புமுனை. முறுக்கு 2 ஹெர்ட்ஸில் கல் மாதிரி நிற்கிறது. தாளம் போடும் இடத்தில் கை இப்போது தொடை வரை போகிறது. ஆனாலும் 6 ஹெர்ட்ஸில் அடி விழும் ஃபிரேமில் ஒரு விரற்கடை தூரம் குறைகிறது. 8-க்கு ஏற்றினால் தொடுகிறது, ஆனால் முன்கை லேசாக அதிர ஆரம்பிக்கிறது.

பழைய பென்சில்

இவ்வளவு மெனக்கெடுவானேன்? மணிக்கட்டின் சுழற்சித் தடத்தை முழுசாக அழித்துவிட்டுக் கையால் கீ போடுங்கள். ஒரு நிமிடக் கதைக்கு எத்தனை முறை உள்ளங்கை திரும்பப் போகிறது? நான் தோள், முழங்கை வரை ட்ராக்கிங்கில் எடுப்பேன், மணிக்கட்டு எப்போதும் என் கையில்தான். அடி விழும் ஃபிரேமிலும் கையைத் தொடையில் ஒட்டி ஒரு கீ வைத்தால் 6-ஆ 8-ஆ என்ற கேள்வியே இல்லை.

எலும்புக்கூடு

ஒரு நிமிடக் கதைக்குச் சரி. வாரம் ஒரு கதை போடுகிறவர் என்றால் எனக்குத் தயக்கம். அடி விழும் ஃபிரேமுக்குக் கீ என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதிர்வெண்ணை ஏற்றுவதைவிட அதுவே நல்லது.

கதைப்பெட்டி

அடிகளுக்குக் கீ போட்டுவிட்டேன், 6-லேயே வைத்திருக்கிறேன். மிச்சமிருப்பது ஒன்று. அக்கா கும்பிடும் இடத்தில் இரண்டு கையும் விளிம்பைக் காட்டிக்கொண்டு ஒட்டி நிற்கின்றன. கை மாடல் இரண்டையும் ஒரே கை என்று எடுத்துக்கொள்கிறது, சில ஃபிரேமில் இடது வலது மாறியும் விடுகிறது. எறிந்து நிரப்பலாம் என்றால் முன்னும் பின்னும் நல்ல ஃபிரேமே இல்லை.

நேரலை நந்தி

பக்கவாட்டில் இன்னொரு போன் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டையும் ஒரே ஃபிரேமுக்குக் கொண்டுவர நான் கைதட்டலைத்தான் பயன்படுத்தினேன். போன்கள் சீரான ஃபிரேம் வேகத்தில் பதிவதில்லை என்பதால் வீடியோவின் கடைசிக்குள் இரண்டும் விலகிவிட்டன.

பழைய பென்சில்

கும்பிடுவதற்கு என்னிடம் ஒரு போஸ் சேமித்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அனுப்புகிறேன், ரிக் என்னவென்று சொல்லுங்கள்.