ஐபோனில் வைஃபை பிரிண்டர் தெரியவில்லை

இங்க் டேங்க் பிரிண்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் எடுக்கும். போன வாரம் ஃபைபர் ரூட்டரை மாற்றியதிலிருந்து வீட்டில் எந்தப் போனும் பிரிண்டரைக் கண்டுபிடிப்பதில்லை. ஐபோனில் "No AirPrint Printers Found" என்றே வருகிறது.

பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கிறது. போன் பிரவுசரில் 192.168.1.40 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கிறது, இங்க் அளவுகூடத் தெரிகிறது. அதனால் இணைப்பு சரி, பிரிண்டர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அனுப்பும் எம்டிஎன்எஸ் அறிவிப்புதான் போனுக்கு வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆண்ட்ராய்டில் Default Print Service-க்குள் போய் ஐபி முகவரியைக் கையால் சேர்த்தேன், உடனே பிரிண்ட் ஆனது. ஐபோன் செட்டிங்ஸில் அப்படிச் சேர்க்க வழி இல்லை. வைஃபை டைரக்டில் ஐபோனிலிருந்தும் பிரிண்ட் வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டு வைஃபையை விட்டு மாற வேண்டியிருக்கிறது, அம்மாவுக்கு அது சரிப்படாது.

பார்த்தவை: போன் கெஸ்ட் வைஃபையில் இல்லை. ரூட்டரில் ஏபி ஐசொலேஷன் அணைந்தே இருக்கிறது. போனையும் 2.4-க்கு மாற்றினால் பிரிண்டர் தெரிகிறது, 5-க்குத் திரும்பினால் மறைந்துவிடுகிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஆனில் இருக்கிறது, அதை இன்னும் தொடவில்லை.

வீட்டில் ஐபிடிவி செட்டாப் பாக்ஸும் இதே ரூட்டரில்தான் ஓடுகிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை அணைத்தால் டிவி பாதிக்குமா, இல்லை 2.4-க்கும் 5-க்கும் நடுவே எம்டிஎன்எஸ்ஸை மட்டும் கடக்க விடும் வேறு அமைப்பு உண்டா?