பொருள்: "ப்ரீசேல்ஸ் இன்ஜினியர்"க்குத் தமிழ்ல என்ன சொல்றது?

கயல்:
எல்லாருக்கும் வணக்கம். வேலைப்பெயர்கள் பட்டியல் ஒண்ணு தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன், "ப்ரீசேல்ஸ் இன்ஜினியர்"ல வந்து மாட்டிக்கிட்டேன். சில இடத்துல இதையே சொல்யூஷன் இன்ஜினியர்ங்கறாங்க, சில இடத்துல சேல்ஸ் இன்ஜினியர், வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். நேரா பிரிச்சா "முன்விற்பனைப் பொறியாளர்"னு வருது, ஆனா அதைப் படிக்கறவருக்கு இவர் என்ன செய்யறார்னு எதுவும் தெரியாது. "தீர்வுப் பொறியாளர்"னு ஒருத்தர் சொன்னார், அதுலயும் எனக்கு மனசு நிக்கல. இந்த வேலையில இருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்.

முருகேசன்:
முன்விற்பனைன்னா பொருள் வெளிவர்றதுக்கு முன்னாடியே பணம் கட்டி வாங்கிக்கறதுதானேம்மா? அதுக்கு முன்பதிவுன்னு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கு, முன்பதிவுப் பொறியாளர்னு போட்டுடலாமே.

கயல்:
ஐயா, நீங்க அப்படி எடுத்துக்கிட்டதே அந்தச் சொல் சரியில்லங்கறதுக்கு எனக்குப் போதும். இது வேற. விற்பனையாளர் கூடவே போய், வாங்கப்போறவங்களுக்கு அந்தப் பொருள் எப்படி வேலை செய்யுது, அவங்க இடத்துக்குப் பொருந்துமான்னு காட்டற தொழில்நுட்ப ஆள். ஒப்பந்தம் கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி இவர் வேலை முடிஞ்சுடும்.

இளங்கோ:
அப்ப "நுட்ப விளக்குநர்"னு வச்சுக்கலாம், நேரடியா இருக்கு. சிக்கலான விஷயத்தை நுட்பம் தெரியாதவங்களுக்கு விளக்கறதுதானே முழு வேலையும். அதுக்கு நல்ல உவமை ஒண்ணு கையில இருந்தா போதும், பேக்கப்னா ஜெராக்ஸ் மாதிரின்னு சொன்னா யாருக்கும் புரிஞ்சுடும்.

செல்வராணி:
நான் இந்த வேலையில 14 வருஷமா இருக்கேன், விளக்குநர்ங்கறது பாதி சரி தம்பி, ஆனா மீதிப் பாதியிலதான் வேலையே இருக்கு. ஒரு கதை சொல்றேன், நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஆர்டர் எடுக்கற ஒரு நிறுவனம், 12 பேர் உக்காந்து என்ட்ரி போடறாங்க, அவங்களுக்கு ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் காட்டப் போனேன். முடிவு எடுக்கறவங்க நிதிப் பொறுப்பாளர் அம்மா. நான் ஆர்க்கிடெக்சர் படத்துல ஆரம்பிச்சேன், ஸ்னாப்ஷாட், டீடூப்ளிகேஷன், ரெப்ளிகேஷன்னு ஒழுங்கா ஒண்ணு விடாம சொல்லிட்டே போனேன். ஒரு எட்டாவது நிமிஷத்துல அந்தம்மா பேனாவை மூடி வச்சாங்க. அதைப் பாத்தும் எனக்கு உறைக்கல, ஏன்னா தலையாட்டிட்டுத்தான் இருந்தாங்க. கடைசியில "ஸ்லைடு அனுப்பி வைங்க, பாத்துட்டு சொல்றோம்"னாங்க. ஒரு கேள்விகூட வரல. கேள்வியே வராத டெமோ நல்லா போச்சுன்னு அப்ப நெனச்சுக்கிட்டேன், இப்பல்லாம் பத்து நிமிஷம் கேள்வி வரலன்னா நானே நிறுத்திடறேன்.

ரெண்டாவது வாய்ப்பு கெடைச்சப்ப எதையும் காட்டறதுக்கு முன்னாடி ஃபோன்ல மூணே மூணு விஷயம் கேட்டேன். கடைசியா சிஸ்டம் நின்னப்ப ஆளுங்க என்ன பண்ணாங்க, போன ஆர்டரை யாரு திரும்ப அடிச்சாங்க, எதைப் பாத்து அடிச்சாங்க. அதுலயே எல்லாம் வந்துடுச்சு. ஒரு ஆள் மணிக்கு சுமாரா 20 ஆர்டர், 12 பேருக்கு 240. பேக்கப் ராத்திரி ஒரு தடவைதான். காலைல 9 மணிக்கு வேலை ஆரம்பிச்சு சாயந்தரம் 5 மணிக்கு சர்வர் போச்சுன்னா 8 மணி நேரம், 1920 ஆர்டர் காலி. அதைத் திரும்ப அடிக்க இன்னொரு முழு நாள் வேணும், அந்த நாளோட புது ஆர்டரை யார் அடிக்கறது?

அதனால ரெண்டாவது தடவை படமே காட்டல. சோதனைக்கு வச்சிருந்த மெஷினை அவங்க கண்ணு முன்னாடியே ஆஃப் பண்ணேன், "மணி அஞ்சு, சிஸ்டம் நின்னுடுச்சு"ன்னு சொல்லிட்டு மீட்ட பிறகு வர்ற ஆர்டர் பட்டியலைத் திறந்தேன், கடைசி வரியில நேரம் 4:45. "காலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நகல் எடுக்குது, அதிகபட்சம் 60 ஆர்டர் போகும், ஆளுக்கு அஞ்சு"ன்னேன். அந்தம்மா 1920, பக்கத்துல 60, ரெண்டையும் எழுதிக்கிட்டாங்க. அப்பறம் அவங்களாவே கேட்டாங்க, "அது எப்படி அவ்வளவு சீக்கிரம் திரும்ப வருது?" அந்தக் கேள்வி வந்த பிறகுதான் உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன், அதுவும் கேட்ட அளவுக்கு மட்டும். அவங்க டேட்டா 2 டெராபைட், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்துல முழுசா திரும்பக் கொட்டினா அஞ்சரை மணி நேரம் ஆகும், அதனால கொட்டாம நகல் இருக்கற இடத்துலேருந்தே ஓட விடறோம், ஆனா அப்படி ஓடற வரைக்கும் சிஸ்டம் மெதுவாத்தான் இருக்கும். இந்த மெதுவா விஷயத்தை மறைக்கக் கூடாது, பின்னாடி அவங்களே கண்டுபிடிச்சா நாம சொன்ன மத்ததும் பொய்யாயிடும்.

அடுத்த வாரம் அவங்க இயக்குநர்கிட்டேருந்து ஃபோன். நான் அவரைப் பாத்ததே இல்ல. அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த அறுபது ஆர்டரையும் காப்பாத்த எவ்வளவு கூடுதலாகும்?" அப்பதான் எனக்குப் புரிஞ்சுது கயல். நான் விளக்கறது முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, அவங்க போய் நான் இல்லாத ஒரு ரூம்ல திரும்பச் சொல்லணும். ஸ்னாப்ஷாட்டை அவங்களால எடுத்துட்டுப் போக முடியாது, 60-ஐ எடுத்துட்டுப் போனாங்க. பேர்ல இது வரணும்னு எனக்கு ஆசை.

இளங்கோ:
அக்கா, எட்டாவது நிமிஷத்துல ஏன் உங்களுக்கு உறைக்கலங்கறதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. 1990-ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒருத்தர் பண்ணது, ஒருத்தர் தெரிஞ்ச பாட்டோட தாளத்தை மேசையில தட்டணும், எதிர்ல இருக்கறவர் என்ன பாட்டுன்னு சொல்லணும். 120 தடவை தட்டினதுல மூணே மூணுதான் கண்டுபிடிச்சாங்க, ஆனா தட்டினவங்க பாதியாவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நெனச்சிருந்தாங்க. தட்டறவர் மனசுல பாட்டு ஓடிட்டே இருக்கறதால எதிராளிக்கும் கேக்குதுன்னு தோணிடுது. சரி விளக்குநரை விட்டுத்தரேன், ஆனா ஜெராக்ஸ் உவமையை விடமாட்டேன்.

செல்வராணி:
அந்த ஜெராக்ஸை நான் சொல்லி மாட்டியிருக்கேன்பா. வேற ஒருத்தர்கிட்ட ரெப்ளிகேஷனையும் ஜெராக்ஸ்னே சொல்லிட்டேன், அவர் "அப்ப யாராவது தப்பா அழிச்சுட்டாலும் ஜெராக்ஸ்ல இருக்கும்ல?"ன்னு கேட்டார். இருக்காது. அது கண்ணாடி மாதிரி, இங்க அழிச்சா அங்கயும் அழியும். நேரநேரத்துக்கு எடுத்து வச்ச பழைய நகல் தனியா இருந்தாத்தான் அதை மீட்கலாம். உவமை எந்த இடம் வரைக்கும் வரும், எங்க உடையும்னு தெரிஞ்சு அந்த உடையற இடத்தையும் நாமளே சொல்லிடணும், இல்லன்னா அவங்க அதை வச்சு தப்பான முடிவு எடுத்துடுவாங்க.

நசீர்:
நான் சொல்லோட பக்கம் வர்றேன். "பொருத்துநர்"னு ஒரு நெனப்பு வந்துச்சு, அவங்க தேவையையும் பொருளையும் பொருத்தறவர், ஆனா ஃபிட்டருக்கு அதைத்தான் ரொம்ப நாளா சொல்றோம். "துபாஷி"யும் யோசிச்சேன், வாணிகத்துல ரெண்டு பக்க மொழியும் தெரிஞ்சு நடுவுல நின்னவர், பொருத்தமான சொல்தான், ஆனா ரெண்டு பக்கமும் கமிஷன் பாத்தவங்கன்ற பேரும் அதோட ஒட்டிக்கிட்டு வருது.

செல்வராணி அக்கா கதையைப் படிச்சதும் எனக்கு வேற ஒண்ணு பட்டுச்சு. நம்ம உரை மரபுல பதவுரை இருக்கு, பொழிப்புரை இருக்கு. பதவுரை சொல் சொல்லா பிரிச்சு பொருள் சொல்றது, பொழிப்புரை பாட்டு மொத்தமா என்ன சொல்லுதுங்கறது. அக்கா முதல் தடவை போய் பதவுரையில ஆரம்பிச்சிருக்காங்க, கேட்டவங்களுக்குப் பாட்டே தெரியாது. ரெண்டாவது தடவை பொழிப்பு முதல்ல, கேட்ட இடத்துக்கு மட்டும் பதவுரை. அதனால "நுட்ப உரைகாரர்". உரைகாரர்ங்கறது பழைய சொல், புதுசா உருவாக்க வேண்டியதில்ல.

பவித்ரா:
நான் இந்த வேலைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகுது, சொல் பத்தி எனக்குத் தெரியாது, நசீர் அண்ணா சொன்ன பொழிப்பு பதவுரை அப்படியே எனக்கு நடக்கறதால கேக்கறேன். ரூம்ல நுட்பம் தெரிஞ்ச ஒருத்தர் இருப்பாரு, நான் பொழிப்புல இருக்கும்போதே என்கிரிப்ஷன் சாவி எங்க இருக்கும்னு கேட்டுடுவாரு, நல்ல கேள்விதான், பதில் சொல்ல ஆரம்பிச்சா கால் மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் மட்டும் பேசிட்டு இருப்போம், முடிவெடுக்கறவங்க ஃபோனை எடுத்துடுவாங்க. சொல்லலன்னா எனக்கு ஒண்ணும் தெரியலன்னு அவர் நெனச்சுக்குவாரு.

செல்வராணி:
ரெண்டையும் பண்ணும்மா. ஒரே வரியில பதில் சொல்லு, "சாவி உங்க கையிலயே இருக்கும், எங்ககிட்ட வராது", அது உண்மையா இருந்தா மட்டும். அப்பறம் அந்தக் கேள்வியை எல்லாரும் பாக்கற மாதிரி போர்டுல எழுதி, "இதுக்கு உங்களோட தனியா அரை மணி நேரம் வேணும், இன்னைக்கே நேரம் குறிச்சுக்கலாமா"ன்னு கேளு. எழுதி வச்சா அவருக்கு மரியாதை போகாது. அந்தத் தனிச் சந்திப்பை மட்டும் மறந்துடாத, மறந்தா உள்ளேயிருந்தே உனக்கு எதிரா பேசறவர் அவராத்தான் இருப்பார். முடிக்கறதுக்கு முன்னாடி முடிவெடுக்கறவங்ககிட்ட "இதை உங்க மேலிடத்துல எப்படி சொல்லுவீங்க"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாரு. அவங்க வாயிலேருந்து வர்றதுதான் போய்ச் சேரும், தப்பா இருந்தா அங்கயே திருத்திடலாம்.

நசீர், உரைகாரர் எனக்குப் பிடிச்சிருக்கு, ஒரு நெருடல் மட்டும். உரைகாரர் முன்னாடி இருக்கற பாட்டு பேசாது. எனக்கு எதிர்ல இருக்கறவங்க பேசியாகணும், அந்த மூணு கேள்வி கேக்கலன்னா 1920-ம் இல்ல, 60-ம் இல்ல. கேக்கறது இந்தப் பேர்ல எங்க இருக்கு?

முருகேசன்:
இப்ப எனக்கு வேலை என்னன்னு புரிஞ்சுடுச்சு. உரைன்னா இப்ப எல்லாரும் மேடைப் பேச்சுன்னுதான் எடுத்துப்பாங்க, உரைகாரர்னா சொற்பொழிவாளர்னு ஆயிடும். "தேர்வுத்துணைப் பொறியாளர்"னு போட்டா என்ன? வாங்கறவர் தேர்ந்தெடுக்கத் துணை நிக்கறவர். துணைன்னாலே முதல்ல கேட்டுத்தானே ஆகணும்.

நசீர்:
ஐயா, தேர்வுன்னா பரீட்சைன்னு படிப்பாங்களே. அதோட இவர் சம்பளம் விக்கறவர்கிட்டேருந்து வருது, வாங்கறவருக்குத் துணைன்னு பேர்லயே எழுதறது முழு உண்மை ஆகுமா?

செல்வராணி:
நியாயமான கேள்வி. பொருந்தாதுன்னு தெரிஞ்ச இடத்துல "உங்களுக்கு இது வேண்டாம்"னு சொல்லியிருக்கேன், ஆனா எல்லாரும் சொல்றாங்கன்னு சொல்லமாட்டேன்.

கயல்:
இப்போதைக்குப் பட்டியல்ல "நுட்ப உரைகாரர்"னு போட்டு, பக்கத்துல "தேர்வுத்துணைப் பொறியாளர்"னும் வச்சு, ரெண்டுக்கும் நேரா கேள்விக்குறி போட்டிருக்கேன். டெமோ வகைக்கு "பொழிப்புக் காட்டல்"னு தனியா ஒரு வரி சேத்தேன், அதுக்கு மட்டும் யாரும் மறுப்பு சொல்லல.

செல்வராணி:
வர்ற வாரம் ஒரு டெமோ இருக்கு. அறிமுகம் பண்ணிக்கும்போது ஒரு சொல்லும், முடிக்கும்போது இன்னொண்ணும் சொல்லிப் பாக்கறேன், எதுக்கு அவங்க "அப்படின்னா?"ன்னு கேக்கறாங்கன்னு இங்க வந்து எழுதறேன்.