36 வாரம், பிளேட்லெட் 1.12 லட்சம்: அடுத்த டெஸ்ட் எப்போ எடுக்கணும்?

பாம்பன்ல இருக்கோம். தங்கச்சிக்கு தலைப்பிரசவம், 36-வது வாரம். மூணாம் மாசம் 2.1 லட்சம் இருந்த பிளேட்லெட் இப்போ 1.12 லட்சம்.

மிஷின் தப்பா எண்ணியிருக்குமோன்னு ஸ்மியர் பார்க்கச் சொன்னோம். அணுக்கள் ஒட்டிக் கிடக்கல, உடைஞ்ச சிவப்பணுவும் இல்ல. டெங்கு நெகட்டிவ். பிபி 116/74, யூரின்ல புரதம் இல்ல, ஈரல் டெஸ்ட் நார்மல். பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச்சாறு கொண்டுவந்தாங்க. மாசமா இருக்கிறவளுக்கு அது வேண்டாம்னு கொட்டிட்டேன்.

"கர்ப்பத்துல வர்ற சாதாரண இறக்கம்தான், பிரசவம் ஆனா தானா ஏறிடும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க"ன்னாங்க டாக்டரம்மா. நம்புறேன். ஆனா ஹெல்ப் சிண்ட்ரோம்ங்கிற ஆபத்தான கர்ப்பகால நோயா இருந்தா ஓரிரு நாள்லயே பிளேட்லெட் சரிஞ்சு, ஈரல் என்சைம் ஏறும். சிலருக்கு பிபி கூட ஏறாதாம். தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ வலி எதுவும் இதுவரை இல்ல. வந்தா ராத்திரின்னாலும் கிளம்பிடுவோம்; ஆனா பாலம் தாண்டி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி போகவே ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த நிலையில ரெண்டு வாரம் காத்திருக்கலாமா, இல்ல வாராவாரம் பிளேட்லெட்டோட ஈரல் என்சைம், சிவப்பணு உடையுதான்னு காட்டுற எல்.டி.எச். சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்கணுமா?