அதிகம் தைத்த பிளவுஸில்தான் நட்டம்

கொக்குவில் உறுப்பினர்:

எங்கள் சந்தியில் சிறிய கடையறை ஒன்றில் தையல் வேலை செய்யும் அக்காவின் கொப்பியை அவருடன் இருந்து கூட்டிப் பார்க்க நேர்ந்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லைனிங் வைத்த சாறி பிளவுஸுக்காக அவரிடம் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். ஆனாலும் மாத முடிவில் வாடகைக்குக் கைமாற்று வாங்குவார். கொப்பியில் பெயர், அளவு, முற்பணம், கூலி ஆகியவற்றை ஒழுங்காக எழுதுபவர் அவர். லைனிங் வாங்கிய கணக்கு மட்டும் கடைசிப் பக்கத்தில் தனியே கிடந்தது. தைத்த உடுப்பு திருத்தத்துக்குத் திரும்பி வந்தால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் "தி" என்று ஓர் எழுத்து மட்டும் இருந்தது. இவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து யாரும் பார்த்ததில்லை.

பிளவுஸ் ஒன்றுக்கு லைனிங்குடன் 1100 ரூபா வாங்குகிறார். லைனிங் துணிக்கு 380 ரூபா, நூல், கொக்கி, பைப்பிங் ஆகியவற்றுக்கு 90, கொக்கி கட்டிக் கைத்தையல் செய்து கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 150. மெசினில் இருக்கும் உதவிப் பெண்ணுக்கு நாட்கூலி 1600 என்பதால் இரண்டு மணித்தியாலத்துக்கு 400 ஆகிறது. மிஞ்சுவது 80. திருவிழா மாதத்தில் தைத்த 40 பிளவுஸில் 14 "தி" பெற்றவை. ஒவ்வொன்றையும் பிரித்துத் தைக்க முக்கால் மணித்தியாலம் போனதாக அவர் சொன்னார். அந்தக் கூலியை நாற்பதுக்கும் பகிர்ந்தால் 80 என்பது 30க்கும் கீழே வந்துவிடுகிறது. வாடகையிலும் மின்கட்டணத்திலும் ஒரு பிளவுஸின் பங்கு மட்டும் 60 ரூபா. துணி வெட்டிய அக்காவின் உழைப்புக்கு இதில் ஒரு சதமும் இல்லை.

சுன்னாகம் உறுப்பினர்:

அப்படியானால் பிளவுஸை நிறுத்திவிட்டு நைட்டி மட்டும் தைக்கச் சொல்லுங்கள். துணியை வாடிக்கையாளரே கொண்டு வருவதால் அதில் நட்டப்பட வழியில்லை.

சாவகச்சேரி உறுப்பினர்:

கொப்பியில் நிலுவை எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். நான் கறித்தூள் அரைத்து விற்றபோது கடன் சொல்லிப் போனவர்களால்தான் கை கடித்தது. விலையில் பிழை இருக்கவில்லை.

கொக்குவில் உறுப்பினர்:

இங்கே கடன் இல்லை, அண்ணா. காசைக் கொடுத்துத்தான் உடுப்பை எடுக்கிறார்கள்.

மானிப்பாய் உறுப்பினர்:

பல ஆண்டுகள் தையல் பழக்கியவள் என்ற முறையில் சுன்னாகத் தம்பியுடன் பாதிதான் உடன்படுகிறேன். பிளவுஸை நிறுத்தினாலும் வாடகை நிற்காது. உதவிப் பெண்ணை வைத்திருக்கும்வரை நாட்கூலியும் நிற்காது. வேலை குறைந்த மாதத்தில் அந்தப் பிள்ளை சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு பிளவுஸ் தைத்தால், லைனிங், சில்லறைச் சாமான், கைத்தையல் போக 480 ரூபா கையில் நிற்கும், அது திரும்பி வராவிட்டால். திருவிழா மாதத்தில் கணக்கு வேறு. அந்த இரண்டு மணித்தியாலத்தில் மூன்று நைட்டி தைக்கலாம். ஒன்றுக்கு 450 ரூபா கூலியில் நூலுக்கு 30 கழித்தாலும் 1260 வரும். அக்கா அந்த மாதத்தில் நைட்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தால் உண்மையான நட்டம் அதுதான். கொப்பியில் அது இருக்காது, ஏனெனில் வாங்காத வேலையை யாரும் எழுதி வைப்பதில்லை.

மூன்றில் ஒன்று திரும்பி வருவது எனக்கு அதிகமாகவே படுகிறது. உடுத்துத் துவைத்த பின் திரும்பியவற்றில் லைனிங் சுருங்கி மேல்துணி உப்பி நின்றால், பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியிருக்கிறார்கள். கொடுத்த அன்றே கையும் அக்குளும் பிடிக்கிறது என்றால், உடம்பில் அளவெடுக்காமல் வாடிக்கையாளர் கொண்டு வந்த பழைய பிளவுஸை வைத்து வெட்டியிருக்கிறார்கள். பழைய துணி இழுபட்டிருக்கும், ஆளும் மாறியிருப்பார். "தி"க்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதச் சொல்லுங்கள்.

கொக்குவில் உறுப்பினர்:

நைட்டிகளைத் திருப்பி அனுப்பியது உண்மைதான். எத்தனை என்பது அவருக்கே நினைவில்லை. திரும்பிய பிளவுஸுகளில் பெரும்பாலானவை பழைய பிளவுஸை அளவுக்கு வாங்கியவை என்கிறார். இப்போது லைனிங் துணியை வாடிக்கையாளரே கொண்டு வர வேண்டும், தையற்கூலி 850 என்று மாற்றியிருக்கிறார். அதனால் ஒரு பிளவுஸுக்கு 130 ரூபா கூடுதலாக நிற்கிறது. ஆனால் சிலர் விலை குறைந்த, வழுக்கும் நைலோன் துணியைக் கொண்டு வருகிறார்கள். அது மெசினில் நிற்காமல் ஓடுவதால் இரண்டு மணித்தியாலம் இரண்டரை ஆகிறது. அதைத் தைக்க மறுப்பதா, கூலியைக் கூட்டுவதா என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. பாடசாலைச் சீருடைத் துணிகள் வரத் தொடங்குமுன் எதையாவது தீர்மானித்தாக வேண்டும்.

சுன்னாகம் உறுப்பினர்:

கூலியைக் கூட்டினால் அடுத்த சந்திக்குப் போய்விடுவார்கள்.

மானிப்பாய் உறுப்பினர்:

திருவிழா மாதத்தில் சிலர் போனால் போகட்டும், தம்பி. அப்போது குறைவாக இருப்பது ஆட்கள் அல்ல, மெசின் நேரம்.