கலைச்சொல்: ஆட்களையும் தேவையையும் மணிவாரியாகக் காட்டும் படம்

கோமதி எழுதியது:

வணக்கம். ஒரு கால் சென்டரின் பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஒரே படத்தில் போடுவோம். தேவை ஒரு கோடாக ஓடும். ஆட்கள் படிக்கட்டுப் போலப் பட்டைகளாக நிற்பார்கள். கோடு பட்டைக்கு மேலே போனால் ஆள் பற்றாது, பட்டைக்குள் அடங்கினால் ஆள் மிச்சம். அலுவலகத்தில் 'கவரேஜ் சார்ட்' என்கிறோம். முந்தைய வரைவில் 'காப்பு வரைபடம்' என்று இருந்தது. படிப்பவர் காப்பீடு என்றுதான் நினைப்பார். நல்ல சொல் சொல்லுங்கள்.

கலா எழுதியது:

இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே, அம்மா. செவிலியர் கண்காணிப்பாளராக இருந்தபோது 'பணிமுறைப் பட்டியல்' என்று சுவரில் ஒட்டுவோம். காலை, மாலை, இரவு, யார் எந்த வார்டு, யாருக்கு வார ஓய்வு எல்லாம் அதில் இருக்கும். புதிதாக எதற்கு?

கோமதி எழுதியது:

அக்கா, அந்தப் பட்டியல் யார் வருகிறார் என்று சொல்லும். வந்தவர்கள் போதுமா என்று சொல்லாது. எனக்கு வேண்டியது இரண்டாவது.

இளங்கோ எழுதியது:

கணக்கு எளிது. காலை 10 முதல் 11 வரை 120 அழைப்பு, ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் 600 நிமிட வேலை. ஒருவருக்கு 60 நிமிடம், ஆக 10 பேர். வேலைக்கு ஆள் ஈடாகிறதா என்று பார்ப்பதால் 'ஆளீட்டுப் படம்' எனலாம்.

செழியன் எழுதியது:

இளங்கோ, வேலையின் அளவு 10 பேருடையது என்பது சரி. ஆனால் 10 பேரை உட்காரவைத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். அழைப்புகள் 30 நொடிக்கு ஒன்றாக ஒழுங்காக வருவதில்லை. ஒரு நிமிடம் ஒன்றும் வராது, அடுத்த நிமிடம் ஐந்து சேர்ந்து வரும். சும்மா இருந்த அந்த நிமிடத்தைப் பிறகு எடுத்துப் பயன்படுத்த முடியாது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரங்கள் இதற்குத்தான். நூற்றில் 80 அழைப்புகளை 20 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால், அந்த 120 அழைப்புக்கு 13 பேர் இருந்தாலும் 77தான் கிடைக்கும். 14 பேர் வேண்டும்.

ஆகவே 10க்கு மேலுள்ள 4 பேர் மிச்சம் அல்ல. கோடு 14இல் ஓட வேண்டும். காத்திருப்பவர் யாரும் இணைப்பைத் துண்டிக்கமாட்டார் என்று அந்தச் சூத்திரம் வைத்துக்கொள்கிறது, அதனால் சற்றுக் கூடுதலாகவே சொல்லும். அதையும் கையேட்டில் எழுதிவிடுங்கள்.

பட்டையிலும் ஒரு பிழை வழக்கமாக நேரும். நான் பார்த்த ஒரு மையத்தில் வருகைப் பதிவேட்டை வைத்துப் பட்டை போட்டார்கள். 10 மணிக்கு 14 பேர் என்று காட்டியது, கோடும் பட்டையும் அழகாக ஒட்டி நின்றன. ஆனால் வாடிக்கையாளர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். நேரில் போய் எண்ணினால் இருக்கையில் 11 பேர்தான். இருவர் பயிற்சி வகுப்பில், ஒருவர் தேநீருக்கு. மாலை 3 மணிக்கு 9 பேர் போதும், அப்போது 12 பேர் இருந்தார்கள். இரண்டு மணியையும் கூட்டினால் தேவையும் 23, ஆளும் 23. மொத்தத்தில் குறையே தெரியவில்லை. பயிற்சி வகுப்பை 3 மணிக்கு மாற்றி, தேநீர் இடைவேளையை 11க்குத் தள்ளிய பிறகுதான் காலை நேரம் சரியானது.

இதனால் 'மணிவாரி' என்பது பெயரில் இருந்தே ஆக வேண்டும். 'மணிவாரி ஆளிருப்புப் படம்' என்பது என் பரிந்துரை. பட்டை கோட்டுக்குக் கீழே நின்றால் 'ஆள்குறை', மேலே போனால் 'ஆள்மிகை'.

கலா எழுதியது:

இப்போது புரிகிறது, தம்பி. புறநோயாளர் பிரிவில் காலை 9 மணிக்கு நெரிசல், 12க்கு மேல் செவிலியர் காத்திருப்பார்கள். எங்கள் பட்டியலில் அது தெரிந்ததே இல்லை. ஆனால் 'இருப்பு' வேண்டாம். அரிசி இருப்பு, மருந்து இருப்பு என்று எழுதிய கைக்கு மனிதரை அப்படி எழுத மனம் வரவில்லை.

இளங்கோ எழுதியது:

14 கணக்கை இன்று போட்டுப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறைய மையங்களில் அரை மணி அரை மணியாகத்தானே பிரிக்கிறார்கள்? அப்போது 'மணிவாரி' பொருந்தாதே. 'நேரவாரி' என்றால் இரண்டுக்கும் சரி.

செழியன் எழுதியது:

'நேரவாரி' நல்லது. 'இருப்பு'க்கு நான் இன்னும் வாதாடுவேன். 'இருக்கையில் இருப்பவர்' என்ற பொருள் வேறு எந்தச் சொல்லிலும் வரவில்லை. 'வருகை' என்று போட்டால் பதிவேட்டுப் பிழை திரும்ப வந்துவிடும்.

கோமதி எழுதியது:

இப்போதைக்கு 'நேரவாரி ஆள்–தேவைப் படம்' என்று எழுதுகிறேன். ஆள்குறை, ஆள்மிகை இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பட்டைக்கு அடியில் 'இருக்கையில் உள்ளோர்' என்று போட்டால் அக்காவுக்கும் செழியன் ஐயாவுக்கும் சரிவருமா?