"சென்னையில லாகின்"னு அலர்ட்: குத்தம் கடை மேலயா, பாஸ்வேர்டு மேலயா?

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்:
வேலூர்ல ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்துல ஜெராக்ஸ், பிரிண்ட் கடை வெச்சிருக்கேன். ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வர்றவங்க எங்க கம்ப்யூட்டர்லயே ஜிமெயில் திறப்பாங்க. போன வாரம் ஒருத்தர் பாஸ்வேர்டு போட்டு எடுத்துட்டுப் போனார். அரை மணி நேரத்துல திரும்பி வந்து, "இங்க போட்டேன், சென்னையில எவனோ திறந்திருக்கான்"னு ஒரே சண்டை. கூகுள் அனுப்பின அலர்ட் மெயில்ல சென்னைன்னுதான் இருந்துச்சு. பாஸ்வேர்டுக்குப் பதிலா போன் பூட்டைத் திறந்தே உள்ள போற பாஸ்கீ போட்டுட்டா இந்த வம்பே வராதுங்கறாங்க. நிஜமா?

பாலாறு:
அண்ணா, அந்த "சென்னை" பெரும்பாலும் உங்க கடை கம்ப்யூட்டர்தான். அலர்ட்டுக்கு உங்க தெரு தெரியாது. இன்டர்நெட் இணைப்போட ஐபி எண்ணை வெச்சு ஊரை ஊகிக்குது, அவ்வளவுதான். உங்க பிராட்பேண்ட் கம்பெனி அந்த எண்ணைச் சென்னைக் கணக்குல வெச்சிருந்தா, காட்பாடியில உக்காந்தாலும் சென்னைன்னுதான் வரும். என் மொபைல் டேட்டாவுக்கு ஒரு நாள் பெங்களூரு காட்டுச்சு. ஊரை விட்டுட்டு நேரத்தையும் கருவியையும் பாருங்க. அவர் உங்க கடையில உக்காந்த அதே நிமிஷம், விண்டோஸ்னு இருந்தா அது அவரேதான். அவர் கிளம்பின பிறகான நேரமாவோ வேற கருவியாவோ இருந்தா பயப்படணும்.

இன்னொண்ணு. மெயில்ல வர்ற Check activity பட்டனை அமுக்கிப் பழகாதீங்க. போலி அலர்ட்டும் அச்சு அசலா அதே மாதிரிதான் வருது. myaccount.google.com-னு கையால டைப் பண்ணி, Security உள்ள Your devices-ல பாருங்க. உண்மையான லாகின்னா அங்கயும் இருக்கும்.

கோட்டை_மைதானம்:
அப்ப பாஸ்கீ எதுக்குங்க? பாஸ்வேர்டு நீளமா, எங்கயும் ரெண்டாவது தடவை போடாததா இருக்கணும். யாராவது புகுந்தா அலர்ட் வரும், உடனே மாத்திடலாம். இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது. இவனுங்க நம்ம கைரேகையை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்றானுங்க. பாஸ்வேர்டு திருடு போனா மாத்தலாம், விரலை மாத்த முடியுமா?

பாலாறு:
விரல் எங்கயும் போகலை. கைரேகை போனுக்குள்ள இருக்கற பூட்டை மட்டும்தான் திறக்குது. பாஸ்கீ உண்டாக்கும்போது ஜோடியா ரெண்டு சாவி பிறக்கும். ஒண்ணு தளத்துக்குப் போகும், ரகசியமானது உங்ககிட்டயே இருக்கும். லாகின் பண்றப்ப தளம் ஒரு புதுக் குறியீட்டை அனுப்பும். போன் அதுல ரகசியச் சாவியால கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். தளத்துகிட்ட இருக்கற சாவியால அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கத்தான் முடியும், போட முடியாது. அதனால தளத்தோட சர்வரையே ஒருத்தன் கொள்ளையடிச்சாலும் அங்க இருக்கற சாவியை வெச்சு உங்க கணக்குக்குள்ள நுழைய முடியாது.

அலர்ட் விஷயத்துல நீங்க சொல்றது பாதி சரி. ஆனா அது திருடன் உள்ள வந்த பிறகு அடிக்கற மணி. வந்தவன் முதல் வேலையா அந்த அலர்ட் மெயிலையே அழிச்சிடுவான். நீங்க வார்டுக்குள்ள போனை சைலன்ட்ல போட்டிருந்தா முடிஞ்சது கதை.

பெரிய வித்தியாசம் போலிப் பக்கத்துலதான். கூகுள் மாதிரியே ஒரு பக்கம் போட்டு பாஸ்வேர்டு, ஓடிபி ரெண்டையும் வாங்கி அதே நொடியில உண்மையான தளத்துல போட்டுடறான். உங்க நீளமான பாஸ்வேர்டும் அப்படியே போயிடும். பாஸ்கீயில தளத்தோட முகவரியைச் சரிபார்க்கறது உங்க கண்ணு இல்ல, பிரவுசர். google.com-க்கு உண்டான சாவியை வேற பேர்ல இருக்கற தளத்துல அது நீட்டவே நீட்டாது.

ஆரணி_அம்மா:
தம்பி, பாஸ்கீன்னா ஏடிஎம் கார்டுக்குப் போடற நாலு நம்பர்தானே? எங்க பையன் பெங்களூர்ல இருந்து வந்தப்ப என் போன்ல போட்டுக் குடுத்தான். இப்ப பாஸ்வேர்டே கேக்கல, நிம்மதி. ஆனா என் போன் பேட்டர்ன் பேரனுக்கும் தெரியும், கேம் ஆடறதுக்காகச் சொல்லி வெச்சேன். அதுல ஏதாச்சும் தப்பா?

பாலாறு:
அது கார்டு பின் இல்லம்மா. ஆனா நீங்க கேட்டது முக்கியமான கேள்வி. போன் பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் பாஸ்கீயையும் திறக்கலாம். பேரன் மெயில் படிக்கறது உங்களுக்குச் சம்மதம்னா விடுங்க, இல்லன்னா பேட்டர்னை மாத்திடுங்க.

கோட்டை_மைதானம்:
பாத்தீங்களா! எட்டு வயசுப் பையன் திறக்கற பூட்டு. இது பாஸ்வேர்டை விட ஒசத்தியாம்.

பாலாறு:
பேரன் வீட்டுக்குள்ள போனைக் கையில எடுக்கணும் சார். முகம் தெரியாதவன் எங்கயோ உக்காந்துட்டு அதைச் செய்ய முடியாது.

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்:
சண்டையை விடுங்க, நான் கடையில செஞ்சு பாத்தேன். என் ஜிமெயிலுக்குப் போன்ல பாஸ்கீ உண்டாக்கிட்டு, கடை கம்ப்யூட்டர்ல லாகின் போனேன். போனை வெச்சு உள்ள போற வழியைத் தேர்ந்தெடுத்தேன், க்யூஆர் வந்துச்சு, ஸ்கேன் பண்ணேன். சுத்திக்கிட்டே இருந்துட்டு முடியலைன்னு சொல்லிடுச்சு. மூணு தடவை. இன்னா சார் இது?

பாலாறு:
கம்ப்யூட்டர்ல ப்ளூடூத் இருக்கா?

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்:
இல்ல. பழைய டெஸ்க்டாப்.

பாலாறு:
அதான். போன் அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துலதான் இருக்குதான்னு ப்ளூடூத்ல பாக்கும். சாவி அது வழியா போறதில்ல, பக்கத்துல இருக்கறதுக்கு மட்டும் சாட்சி. எவனோ தூரத்துல இருந்து தன் திரையில வந்த க்யூஆரை வாட்ஸ்அப்ல அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க சார்"னா நடக்காம இருக்கறது அதனாலதான். ஓடிபியைப் போன்ல கேட்டு வாங்கிடறானுங்க, இதை வாங்க முடியாது. யுஎஸ்பி ப்ளூடூத் ஒண்ணு வாங்கிச் சொருகுங்க.

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்:
சொருகிட்டேன், வேலை செஞ்சுது. இன்னொரு கஸ்டமர் அவசரத்துல "இந்தக் கம்ப்யூட்டர்லயே பாஸ்கீ போடலாமா"ன்னு வந்ததுக்கு ஆமான்னு அமுக்கிட்டார். பரவாயில்லயா?

பாலாறு:
ஐயோ, அதை உடனே எடுக்கச் சொல்லுங்க. அந்தச் சாவி உங்க விண்டோஸுக்குள்ள இருக்கு, உங்க கடை பின் நம்பர்ல திறக்கும். நாளைக்கு உங்க வேலைப் பையன் அவர் மெயிலைத் திறக்கலாம். அவர் தன் போன்ல கூகுள் கணக்கு, Security, பாஸ்கீ பட்டியல்னு போய் அந்தக் கம்ப்யூட்டர் பேர்ல இருக்கறதை நீக்கணும். அப்புறம் Your devices-ல அதைச் சைன் அவுட் பண்ணணும். பாஸ்கீயால உள்ள போனாலும் வெளிய வராம எழுந்து போனா மெயில் திறந்தேதான் கிடக்கும். கஸ்டமருக்கு எப்பவும் பிரவுசர்ல, மூடினதும் லாகினை மறந்துடற கெஸ்ட் விண்டோவைத் திறந்து குடுங்க, வேலை முடிஞ்சதும் மூடிடுங்க.

கோட்டை_மைதானம்:
ஒண்ணு கேக்கறேன். பாஸ்கீ போட்ட பிறகு பழைய பாஸ்வேர்டு செத்துடுமா?

பாலாறு:
இல்ல. கூகுள்ல அது உயிரோடதான் இருக்கும். Skip password when possible-னு ஒரு சுவிட்ச் இருக்கு, அது பாஸ்கீயை முதல்ல கேக்க வைக்கும், பாஸ்வேர்டை ஒழிக்காது. இந்த இடத்துல உங்க கட்சிக்கு ஒரு பாயின்ட்.

கோட்டை_மைதானம்:
ஆக, முன் வாசல்ல புதுப் பூட்டு, கொல்லைப்புறக் கதவு அப்படியே. அதனால நீளமான பாஸ்வேர்டும் அலர்ட்டும் வேணும்னு நான் சொன்னது நிக்குது.

பாலாறு:
நிக்குது. ஆனா அந்தக் கொல்லைப்புறக் கதவைக் கடை கம்ப்யூட்டர்ல இனி திறக்க வேண்டியதில்ல பாருங்க.

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்:
நீங்க ரெண்டு பேரும் சொல்றது புரியுது. எனக்கு இருக்கற சிக்கல் வேற. கொல்கத்தாவுல இருந்து வர்றவங்க, போனை உள்ள நோயாளிகிட்டக் குடுத்துட்டு வெறுங்கையோட வந்து நிக்கறாங்க. போன் இல்லாம பாஸ்கீ எப்படி? என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னா அவங்க ரிப்போர்ட் என் போன்ல தங்கிடுது, அதுவும் நல்லா இல்ல.

ஆரணி_அம்மா:
போனை வாங்கிட்டு வரச் சொல்லுப்பா, அஞ்சு நிமிஷந்தானே.

தோட்டப்பாளையம்_ஜெராக்ஸ்:
ஆறாவது மாடிம்மா. லிஃப்ட் வரிசையைப் பாத்திருக்கீங்களா?